வருமான வரிக் கணக்கீட்டு வினா: ஐந்து தலைப்புகளிலிருந்து இறுதி வரி வரை ஒரே வரிசையில்

வரிவிதிப்புத் தாளில் அதிக மதிப்பெண் கொண்ட கணக்கு பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் வருகிறது. ஒருவருடைய சம்பளம், வாடகைக்கு விட்ட வீடு, விற்ற பங்குகள், வங்கி வட்டி, செலுத்திய காப்பீட்டுத் தவணை, கொடுத்த நன்கொடை ஆகியவற்றை முன்பின்னாகக் கலந்து கொடுத்து, அவர் செலுத்த வேண்டிய வரியைக் கணக்கிடச் சொல்கிறார்கள். தகவல்கள் வந்த வரிசையிலேயே கணக்கைத் தொடங்கும் மாணவர் பாதி வழியில் சிக்கிக்கொள்வார், ஏனெனில் வருமான வரிச் சட்டத்தில் ஒரு படியின் விடை அடுத்த படியின் உச்சவரம்பைத் தீர்மானிக்கிறது. நன்கொடைக்கான கழிவை அறிய மற்றக் கழிவுகள் எல்லாம் முன்னரே முடிந்திருக்க வேண்டும். அவற்றை முடிப்பதற்கு ஒட்டுமொத்த வருமானம் தெரிய வேண்டும். ஒட்டுமொத்த வருமானம் தெரிய வேண்டுமானால் நட்டங்கள் ஈடுகட்டப்பட்டிருக்க வேண்டும். இந்தச் சங்கிலியை ஒரு முழுக் கணக்கின் வழியாக இங்கே பார்க்கலாம்.

கணக்கு 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு, அதாவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியது. புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. அதற்கு முந்தைய ஆண்டின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்பதால், பிரிவு எண்கள் அனைத்தும் அந்தப் பழைய சட்டத்துக்கு உரியவை.

வினா

சென்னையில் வசிக்கும் திருமதி எக்ஸ், வயது 45, ஒரு தனியார் நிறுவன ஊழியர். அவருடைய அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.80,000. ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் கொள்ளப்படும் அகவிலைப்படி மாதம் ரூ.10,000. வீட்டு வாடகைப் படி மாதம் ரூ.30,000, அவர் செலுத்தும் வாடகை மாதம் ரூ.28,000. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அவர் கணக்கில் நிறுவனம் ஆண்டுக்கு ரூ.1,29,600 செலுத்துகிறது. அவர் கட்டிய தொழில் வரி ரூ.2,500.

கோயம்புத்தூரில் உள்ள சொந்த வீட்டை மாதம் ரூ.20,000 வாடகைக்கு ஆண்டு முழுவதும் விட்டிருக்கிறார். அதன் நகராட்சி மதிப்பு ரூ.1,80,000, நியாய வாடகை ரூ.2,10,000. அந்த ஆண்டுக்கான சொத்து வரி ரூ.24,000, இதில் ரூ.20,000ஐ ஆண்டுக்குள்ளும் மீதி ரூ.4,000ஐ 2026 ஏப்ரலிலும் அவர் செலுத்தினார். வீடு வாங்க வங்கியில் பெற்ற கடனுக்கு அந்த ஆண்டின் வட்டி ரூ.3,90,000, திருப்பிச் செலுத்திய அசல் ரூ.60,000.

2021இல் ரூ.3,10,000க்கு வாங்கிய பட்டியலிடப்பட்ட பங்குகளை 2025 நவம்பரில் பங்குச் சந்தை வழியாக ரூ.5,60,000க்கு விற்றார். தரகு ரூ.5,000, பங்கு பரிவர்த்தனை வரி ரூ.560. சேமிப்புக் கணக்கு வட்டி ரூ.14,000. நிரந்தர வைப்புத்தொகை வட்டியாக டிடிஎஸ் ரூ.6,000 பிடித்தம் போகக் கையில் வந்தது ரூ.54,000.

வருங்கால வைப்பு நிதிக்கு அவர் செலுத்தியது ரூ.1,10,000. தமக்கும் கணவருக்கும் மருத்துவக் காப்பீட்டுத் தவணையாக ரூ.18,000ஐ வங்கி வழியாகச் செலுத்தினார். 68 வயதான தந்தைக்கான தவணை ரூ.20,000ஐ ரொக்கமாகக் கட்டினார். 80-ஜி பிரிவில் 50 சதவீதக் கழிவுக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டுத் தகுதி பெற்ற ஓர் அறக்கட்டளைக்குக் காசோலையாக ரூ.1,00,000 நன்கொடை தந்தார். நிறுவனம் சம்பளத்தில் பிடித்த டிடிஎஸ் ரூ.90,000. அவருக்குச் சாதகமான வரி முறையில் செலுத்த வேண்டிய வரியைக் கணக்கிடுக.

எழுதத் தொடங்கும் முன்

விடைத்தாளின் முதல் வரியில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும். அவர் இந்தியாவில் வசிப்பவரா, அவருடைய வயது என்ன, எந்த மதிப்பீட்டு ஆண்டு என்பவையே அவை. வயதைப் பொறுத்தே பழைய முறையில் வரியற்ற வரம்பு ரூ.2,50,000, ரூ.3,00,000 (60 வயது முதல்), ரூ.5,00,000 (80 வயது முதல்) என மாறுகிறது. புதிய முறையில் வயது வேறுபாடு இல்லை. அனைவருக்கும் வரம்பு ரூ.4,00,000தான்.

அடுத்து, பக்கத்தில் இரண்டு பத்திகளைக் கோடிட்டுப் பிரித்துக்கொள்வது நல்லது. இடப்பக்கம் பழைய முறை, வலப்பக்கம் 115-பிஏசி பிரிவின் புதிய முறை. ஒரு முறையில் முழுக் கணக்கையும் முடித்துவிட்டு மற்றொன்றை மீண்டும் முதலிலிருந்து செய்வதைக் காட்டிலும், ஒவ்வொரு படியிலும் இரண்டையும் இணையாக எழுதினால் வேறுபடும் இடங்கள் தெளிவாகத் தெரியும், நேரமும் மிஞ்சும். வினா எந்த முறை என்று சொல்லாமல் விட்டிருந்தால் புதிய முறையே இயல்பானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பழைய முறை என்பது விருப்பத்தின் பேரில் தேர்ந்துகொள்ளப்படுவது.

முதல் படி: சம்பளம்

சம்பளத் தலைப்பில் முதலில் முடிக்க வேண்டியது வாடகைப் படியின் விலக்கு. இதற்கான சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும், ஓய்வூதியப் பலன்களுக்குச் சேரும் அகவிலைப்படியும் மட்டுமே. இங்கு அது ரூ.9,60,000 உடன் ரூ.1,20,000 சேர்ந்து ரூ.10,80,000 ஆகிறது. பெற்ற படி ரூ.3,60,000, சென்னைக்குரிய 50 சதவீதம் ரூ.5,40,000, செலுத்திய வாடகை ரூ.3,36,000இல் சம்பளத்தின் 10 சதவீதமான ரூ.1,08,000ஐக் கழித்த ரூ.2,28,000 ஆகிய மூன்றில் குறைந்தது ரூ.2,28,000. எனவே வரிக்குரிய படி ரூ.1,32,000. இந்த விலக்கு பழைய முறைக்கு மட்டுமே உரியது. புதிய முறையில் ரூ.3,60,000 முழுவதும் சம்பளத்தில் சேரும்.

நிறுவனம் ஓய்வூதியத் திட்டத்தில் செலுத்திய ரூ.1,29,600 திருமதி எக்ஸின் கைக்கு வருவதில்லை. ஆனாலும் அது இரு முறைகளிலும் முதலில் சம்பளமாகச் சேர்ந்து, பின்னர் 80-சிசிடி(2) பிரிவின் கீழ்க் கழிவாக வெளியேறும். சேர்க்காமலேயே விட்டுவிட்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கழிவுக்கு உச்சவரம்பு இருப்பதால் அவை எப்போதும் சரியாவதில்லை, இந்தக் கணக்கிலும் பழைய முறையில் சரியாகவில்லை என்பதைப் பின்னர் காணலாம்.

பழைய முறையில் மொத்தச் சம்பளம் 9,60,000 + 1,20,000 + 1,32,000 + 1,29,600 = ரூ.13,41,600. நிலையான கழிவு ரூ.50,000, தொழில் வரி ரூ.2,500 போக ரூ.12,89,100. புதிய முறையில் மொத்தச் சம்பளம் ரூ.15,69,600. அங்கே நிலையான கழிவு ரூ.75,000, ஆனால் தொழில் வரிக்குக் கழிவு இல்லை. எனவே ரூ.14,94,600.

இரண்டாம் படி: வீட்டுச் சொத்து

நகராட்சி மதிப்பு, நியாய வாடகை இரண்டில் அதிகமான ரூ.2,10,000 எதிர்பார்க்கப்படும் வாடகை. உண்மையில் பெற்ற ரூ.2,40,000 அதைவிட அதிகம் என்பதால் மொத்த ஆண்டு மதிப்பு ரூ.2,40,000. சொத்து வரியில் ஆண்டுக்குள் உரிமையாளர் செலுத்திய ரூ.20,000 மட்டுமே கழியும். ஏப்ரலில் கட்டிய ரூ.4,000 அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போகும். நிகர ஆண்டு மதிப்பு ரூ.2,20,000. இதில் 30 சதவீதமான ரூ.66,000உம், வட்டி ரூ.3,90,000உம் கழிந்தால் நட்டம் ரூ.2,36,000. வட்டியைப் பொறுத்தவரை சொத்து வரிக்கு நேர்மாறான விதி இருக்கிறது: செலுத்தினாரா என்பது பொருட்டல்ல, அந்த ஆண்டுக்கு உரியதாக இருந்தால் போதும்.

வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டியில் உச்சவரம்பு இல்லை என்பதால் இந்த ரூ.2,36,000 நட்டம் இரு பத்திகளிலும் அப்படியே வரும். ரூ.2,00,000 என்ற எண்ணை இங்கேயே கொண்டுவந்து வட்டியை வெட்டிவிடுவது தவறு. அந்த எண் வேறொரு விதியாக இரண்டு படிகளுக்குப் பின்னரே வருகிறது.

மூன்றாம் படி: மூலதன ஆதாயமும் பிற வருமானமும்

திருமதி எக்ஸுக்குத் தொழில் வருமானம் இல்லாததால் அந்தத் தலைப்பைத் தாண்டிச் செல்லலாம். பங்குகளை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்ததால் ஆதாயம் நீண்டகாலத்துக்கு உரியது. விற்பனைத் தொகை ரூ.5,60,000இல் தரகு ரூ.5,000உம் வாங்கிய விலை ரூ.3,10,000உம் கழிய, ஆதாயம் ரூ.2,45,000. பங்கு பரிவர்த்தனை வரியைச் சட்டம் கழிக்க விடுவதில்லை.

தவறுகள் அதிகம் நேரும் இடம் இது. 112-ஏ பிரிவில் ரூ.1,25,000 வரை வரி இல்லை என்பதை நினைத்து, பலர் ஆதாயத்திலிருந்து அந்தத் தொகையைக் கழித்து ரூ.1,20,000 மட்டும் வருமானத்தில் சேர்க்கிறார்கள். ரூ.1,25,000 வருமான விலக்கு அன்று. வரி கணக்கிடும்போது அந்த அளவுக்கு வரி விதிப்பதில்லை என்பதே விதி. ஆகவே ரூ.2,45,000 முழுவதும் வருமானத்தில் நிற்க வேண்டும். இந்த வினாவில் இறுதி வரி மாறாமல் போகலாம் என்று தோன்றினாலும், இதன் விளைவு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குத் தள்ளுபடிப் பகுதியில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது.

பிற வருமானத்தில் வைப்புத்தொகை வட்டியை டிடிஎஸ்ஸுக்கு முந்தைய அளவில் எழுத வேண்டும். கையில் வந்த ரூ.54,000உடன் பிடித்த ரூ.6,000 சேர்ந்து ரூ.60,000, சேமிப்பு வட்டி ரூ.14,000உடன் மொத்தம் ரூ.74,000. பிடித்த ரூ.6,000 கணக்கின் கடைசி வரியில் செலுத்திய வரியாகத் திரும்பி வரும்.

நான்காம் படி: ஈடுகட்டுதல்

தலைப்புகள் முடிந்த பின்னரே நட்டத்தைத் தொட வேண்டும். பழைய முறையில் வீட்டுச் சொத்து நட்டத்தை மற்றத் தலைப்புகளின் வருமானத்துடன் ஒரே ஆண்டில் ரூ.2,00,000 வரை ஈடுகட்டலாம். மீதி ரூ.36,000ஐ அடுத்த 8 மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு முன்னெடுத்துச் செல்லலாம், ஆனால் அப்போது வீட்டுச் சொத்து வருமானத்துடன் மட்டுமே அதை ஈடுகட்ட முடியும்.

எந்த வருமானத்துடன் ஈடுகட்டுவது என்பது மதிப்பீட்டுக்குரியவரின் தேர்வு. பங்கு ஆதாயத்துடன் ஈடுகட்டினால், முதல் ரூ.1,25,000க்கு எப்படியும் வரி இல்லை என்பதால் அந்த அளவுக்கு நட்டம் வீணாகும், எஞ்சியதற்கும் 12.5 சதவீதமே மிச்சம். சம்பளத்துடன் ஈடுகட்டினால் இவருக்கு 20 சதவீதத்துக்குக் குறையாமல் மிச்சமாகிறது. ஆகவே சம்பளத்துடன் ஈடுகட்டி, அதற்கான காரணத்தை ஒரு வரியில் குறிப்பாக எழுத வேண்டும். திருத்துபவர் இந்த வரியைத் தேடுவார் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் விடையில் வேறு எங்கும் மாணவரின் தீர்மானம் வெளிப்படையாகத் தெரிவதில்லை.

புதிய முறையில் வீட்டுச் சொத்து நட்டத்தை வேறு எந்தத் தலைப்புடனும் ஈடுகட்ட இயலாது. ரூ.2,36,000 முழுவதும் முன்னெடுத்துச் செல்லப்படும்.

இப்போது ஒட்டுமொத்த வருமானம் கிடைக்கிறது. பழைய முறையில் சம்பளம் ரூ.10,89,100, ஆதாயம் ரூ.2,45,000, பிற வருமானம் ரூ.74,000 சேர்ந்து ரூ.14,08,100. புதிய முறையில் சம்பளம் ரூ.14,94,600 என்பதால் ரூ.18,13,600.

ஐந்தாம் படி: கழிவுகள், நன்கொடை கடைசியில்

பழைய முறையின் கழிவுகளை நன்கொடை நீங்கலாக முதலில் முடிக்க வேண்டும். 80-சி பிரிவில் வைப்பு நிதி ரூ.1,10,000உம் கடன் அசல் ரூ.60,000உம் சேர்ந்து ரூ.1,70,000 ஆனாலும், கிடைப்பது ரூ.1,50,000. 80-சிசிடி(2) பிரிவில் நிறுவனம் செலுத்திய ரூ.1,29,600இல், தனியார் ஊழியருக்குப் பழைய முறையில் சம்பளத்தின் 10 சதவீதமான ரூ.1,08,000 மட்டுமே கழியும், இது ரூ.1,50,000 வரம்புக்குள் அடங்காது. சேர்த்ததும் கழித்ததும் சமமாகவில்லை என்று முன்னரே குறிப்பிட்டது இதைத்தான்: ரூ.21,600 வரிக்கு உட்பட்டே நிற்கிறது. 80-டி பிரிவில் ரூ.18,000 கிடைக்கும். தந்தைக்கான ரூ.20,000 மூத்த குடிமக்களுக்குரிய ரூ.50,000 வரம்புக்குள் இருந்தும் ரொக்கமாகச் செலுத்தியதால் கழியாது. சேமிப்பு வட்டிக்கு 80-டிடிஏ பிரிவில் ரூ.10,000, வைப்புத்தொகை வட்டி இதில் சேராது. இவற்றின் கூட்டுத்தொகை ரூ.2,86,000.

இனி நன்கொடை. இந்த வகை நன்கொடைக்கு, சரிக்கட்டப்பட்ட ஒட்டுமொத்த வருமானத்தில் 10 சதவீதமே தகுதி பெறும் உச்ச அளவு. அந்தச் சரிக்கட்டப்பட்ட வருமானத்தைப் பெற, ஒட்டுமொத்த வருமானத்திலிருந்து நீண்டகால மூலதன ஆதாயத்தையும், 80-ஜி தவிர்த்த எல்லாக் கழிவுகளையும் நீக்க வேண்டும். குறுகிய காலப் பங்கு ஆதாயம் 111-ஏ பிரிவில் இருந்திருந்தால் அதையும் நீக்க வேண்டியிருக்கும்.

14,08,100 − 2,45,000 − 2,86,000 = ரூ.8,77,100. இதில் 10 சதவீதம் ரூ.87,710. கொடுத்த ரூ.1,00,000இல் தகுதி பெறுவது ரூ.87,710, அதில் பாதியான ரூ.43,855 கழிவு. யாராவது ஒட்டுமொத்த வருமானமான ரூ.14,08,100 மீதே 10 சதவீதத்தைக் கணக்கிட்டால் வரம்பு ரூ.1,40,810 ஆகி, நன்கொடை முழுவதும் தகுதி பெற்றதாகத் தோன்றி, கழிவு ரூ.50,000 என்று வரும். விடையில் சரியாக ரூ.50,000 தென்பட்டால் வரிசை தவறியிருக்கிறது என்று உடனே அறியலாம்.

இந்தப் படியில் காக்க வேண்டிய மற்றொரு விதியும் உண்டு. எந்தக் கழிவும் 112-ஏ, 111-ஏ பிரிவுகளுக்குரிய ஆதாயத்தைத் தொடக் கூடாது. ஒருவருடைய வருமானம் பங்கு ஆதாயம் ரூ.6,00,000, வட்டி ரூ.80,000 மட்டுமே என்றால், அவர் வைப்பு நிதியில் ரூ.1,50,000 செலுத்தியிருந்தாலும் 80-சி கழிவு ரூ.80,000ஐத் தாண்டாது.

புதிய முறையில் இந்தப் பட்டியலில் எஞ்சுவது 80-சிசிடி(2) ஒன்றுதான். அங்கே வரம்பு சம்பளத்தின் 14 சதவீதம், அதாவது ரூ.1,51,200 என்பதால் ரூ.1,29,600 முழுவதும் கழியும்.

பழைய முறையின் கழிவுகள் மொத்தம் ரூ.3,29,855, வரிக்குரிய வருமானம் ரூ.10,78,245. இதைப் பத்தின் மடங்காக்கினால் ரூ.10,78,250. புதிய முறையில் ரூ.16,84,000. முழுமையாக்குவதை இந்த இடத்திலும் கடைசி வரியிலும் மட்டுமே செய்ய வேண்டும். இடையில் எங்கு செய்தாலும் விடை சில ரூபாய் விலகும்.

ஆறாம் படி: வருமானத்தைப் பிரித்து வரி கணக்கிடுதல்

வரிக்குரிய வருமானத்தை நேரடியாக வரிப் படிநிலைகளில் ஏற்றக் கூடாது. சிறப்பு விகித ஆதாயமான ரூ.2,45,000ஐ முதலில் பிரித்து வைக்க வேண்டும். பழைய முறையில் எஞ்சும் சாதாரண வருமானம் ரூ.8,33,250. இதற்கு ரூ.2,50,000 வரை வரி இல்லை, ரூ.5,00,000 வரை 5 சதவீதத்தில் ரூ.12,500, மீதி ரூ.3,33,250க்கு 20 சதவீதத்தில் ரூ.66,650. ஆக ரூ.79,150. புதிய முறையில் சாதாரண வருமானம் ரூ.14,39,000. ரூ.4,00,000 வரை வரி இல்லை; ரூ.8,00,000 வரை 5 சதவீதத்தில் ரூ.20,000, ரூ.12,00,000 வரை 10 சதவீதத்தில் ரூ.40,000, மீதி ரூ.2,39,000க்கு 15 சதவீதத்தில் ரூ.35,850. ஆக ரூ.95,850.

பங்கு ஆதாயத்துக்கு இரு முறைகளிலும் ஒரே கணக்கு. ரூ.2,45,000இல் ரூ.1,25,000 போக ரூ.1,20,000க்கு 12.5 சதவீதம், அதாவது ரூ.15,000. சாதாரண வருமானம் வரியற்ற வரம்பையே எட்டாமல் இருந்தால், இந்தியாவில் வசிப்பவர் அந்தக் குறையும் தொகையை ஆதாயத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் அந்த நிலை எழவில்லை.

ஏழாம் படி: தள்ளுபடி, செஸ்

87-ஏ தள்ளுபடி செஸ்ஸுக்கு முன்னர் வர வேண்டும். பழைய முறையில் வரிக்குரிய வருமானம் ரூ.5,00,000ஐத் தாண்டாதவருக்கு ரூ.12,500 வரையும், புதிய முறையில் ரூ.12,00,000ஐத் தாண்டாதவருக்கு ரூ.60,000 வரையும் கிடைக்கும். திருமதி எக்ஸ் இரண்டு வரம்புகளையும் தாண்டிவிட்டார்.

ஆனால் தேர்வில் எண்களைச் சற்றே மாற்றிவிட்டால் இந்தப் படி வேறு முகம் காட்டும். புதிய முறையில் ஒருவருக்குச் சாதாரண வருமானம் ரூ.11,00,000, 112-ஏ ஆதாயம் ரூ.2,00,000 என்று கொள்வோம். வரிக்குரிய வருமானம் ரூ.13,00,000 என்பதால் தள்ளுபடி இல்லை. சாதாரண வருமானத்தின் மீதான ரூ.50,000 வரியும் ஆதாயத்தின் மீதான ரூ.9,375உம் முழுமையாகச் செலுத்தப்பட வேண்டும். மூன்றாம் படியில் ரூ.1,25,000ஐக் கழித்துவிட்டவருக்கோ வருமானம் ரூ.11,75,000 என்று வரும், ரூ.50,000 முழுவதையும் அவர் தள்ளுபடி செய்துவிடுவார். முன்னே செய்த ஒரு பிழை இங்கே வந்து பெருத்துவிடுகிறது.

வருமானம் வரம்புக்குள் இருந்தாலும் தள்ளுபடி சிறப்பு விகித வரியைத் தொடாது. சாதாரண வருமானம் ரூ.9,00,000, ஆதாயம் ரூ.2,45,000 என்றால் மொத்தம் ரூ.11,45,000. சாதாரண வருமானத்தின் மீதான ரூ.30,000 நீங்கும், ஆதாயத்தின் மீதான ரூ.15,000 நீங்காது. வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு விளிம்பு நிவாரணம் உண்டு: புதிய முறையில் சாதாரண வருமானம் ரூ.12,10,000 மட்டுமே உள்ளவருக்குப் படிநிலை வரி ரூ.61,500 வந்தாலும், வரம்பைத் தாண்டிய ரூ.10,000ஐ விட அதிகமாகச் செஸ்ஸுக்கு முந்தைய வரி போகாது.

வருமானம் ரூ.50,00,000க்குள் இருப்பதால் சர்சார்ஜ் இல்லை. சுகாதார, கல்வி செஸ் 4 சதவீதம் பழைய முறையில் ரூ.94,150 மீது ரூ.3,766, புதிய முறையில் ரூ.1,10,850 மீது ரூ.4,434.

விடைத்தாளில் நிற்க வேண்டிய அறிக்கை

| விவரம் | பழைய முறை (ரூ.) | புதிய முறை (ரூ.) |
|---|---|---|
| சம்பளம் | 12,89,100 | 14,94,600 |
| ஈடுகட்டிய வீட்டுச் சொத்து நட்டம் | (2,00,000) | இல்லை |
| நீண்டகால மூலதன ஆதாயம் | 2,45,000 | 2,45,000 |
| பிற வருமானம் | 74,000 | 74,000 |
| ஒட்டுமொத்த வருமானம் | 14,08,100 | 18,13,600 |
| கழிவுகள் | 3,29,855 | 1,29,600 |
| வரிக்குரிய வருமானம் (முழுமையாக்கியது) | 10,78,250 | 16,84,000 |
| சாதாரண வருமானத்தின் மீது வரி | 79,150 | 95,850 |
| ஆதாயத்தின் மீது வரி | 15,000 | 15,000 |
| செஸ் | 3,766 | 4,434 |
| மொத்த வரி | 97,916 | 1,15,284 |
| டிடிஎஸ் (90,000 + 6,000) | 96,000 | 96,000 |
| செலுத்த வேண்டியது (முழுமையாக்கியது) | 1,920 | 19,280 |

வாடகைப் படியின் விலக்கு, வீட்டுச் சொத்தின் நட்டம், நன்கொடையின் உச்சவரம்பு ஆகிய மூன்றையும் அறிக்கைக்குள் திணிக்காமல் தனித்தனிச் செயற்குறிப்புகளாக எழுதி, அறிக்கையில் குறிப்பின் எண்ணை மட்டும் தர வேண்டும். அறிக்கையில் ஓர் எண் பிழையானாலும், குறிப்பில் முறை சரியாக இருந்தால் அதற்குரிய மதிப்பெண்ணைத் தர அது இடம் கொடுக்கும்.

பழைய முறையில் வரி ரூ.17,368 குறைவு. ஆகவே திருமதி எக்ஸ் பழைய முறையைத் தேர்ந்துகொள்வதே சாதகம் என்று எழுத வேண்டும். தொழில் வருமானம் இல்லாதவர் என்பதால், உரிய காலக்கெடுவுக்குள் தாக்கல் செய்யும் வருமான வரிப் படிவத்திலேயே அவர் இந்தத் தேர்வைத் தெரிவிக்கலாம், ஆண்டுதோறும் மாற்றியும் கொள்ளலாம். அதோடு, முன்னெடுத்துச் செல்லும் நட்டம் பழைய முறையில் ரூ.36,000, புதிய முறையில் ரூ.2,36,000 என்ற வேறுபாட்டையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். வினா இந்த ஆண்டின் வரியை மட்டுமே கேட்பதால் அது தேர்வை மாற்றாது. டிடிஎஸ் போகப் பழைய முறையில் எஞ்சும் வரி ரூ.10,000க்கும் குறைவு என்பதால் அவருக்கு முன்கூட்டிய வரிக் கடமை இல்லை, அதைத் தவறவிட்டதற்கான வட்டியும் இல்லை. புதிய முறையில் எஞ்சுவது ரூ.10,000ஐத் தாண்டுவதால், வட்டியைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று வினா சொல்லாத நிலையில் அந்தப் பத்தியில் 234-பி, 234-சி பிரிவுகளின் வட்டியையும் பார்க்க வேண்டியிருக்கும்.